ஸமாயீ என்பது சோம்பலுக்கு மறுபெயர் அன்று

சென்ற வாரம் துறை நூலகத்தில் முதலாண்டு மாணவி ஒருத்தி என் எதிரே வந்தமர்ந்தாள். கையில் நகலெடுத்த பதினொரு பக்கப் பட்டியல். மூன்று பத்திகள்: இறந்தகால வினை, நிகழ்கால வினை, மஸ்தர். எல்லாம் அரபு அகரவரிசையில்.

"அக்கா, இதை அப்படியே ஒப்பிக்கணுமாம். ஒவ்வொரு வினைக்கும் மஸ்தர் ஏன் ஒவ்வொரு மாதிரி வருதுன்னு கேட்டேன். அது ஸமாயீ, காரணம் கேட்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

அந்தப் பதிலைத்தான் ஏழாண்டுகளுக்கு முன் நானும் வேறொரு வகுப்பறையில் பெற்றேன். 'ஸமாயீ' என்றால் செவிவழி வந்தது, நம் சொல்லில் கேள்வி வழி வந்தது. கேள்வி வழி வந்ததைப் பற்றிக் கேள்வி கேட்கலாகாது என்ற விசித்திர விதியை நம் அரபுத் துறைகள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வருகின்றன. இந்தப் பதிவு அந்த விதிக்கு எதிரானது.

அரபு பயிலாதோர்க்கு ஒரு சொல். மஸ்தர் என்பது ஏறக்குறைய நம் தொழிற்பெயர். வேரோடு எழுத்துகள் கூட்டப்பட்ட வினைகளுக்கு மஸ்தர் ஒழுங்காக வரும். ஒரு வாய்பாட்டைக் கற்றால் நூறு வினைகளுக்குப் போதும். கூட்டெழுத்தற்ற மூவெழுத்து வினைகளில்தான் சிக்கல். வில்லியம் ரைட்டின் இலக்கணம் அவற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட வடிவங்களை அடுக்குகிறது. அந்தப் பக்கத்தைக் கண்டதும் மாணவர்கள் மனம் சோர்வது இயல்பே. நாற்பதும் சமமான எண்ணிக்கையில் வருவதில்லை என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

மரபிலக்கணம் இதை வெறும் மனப்பாடம் என்றா சொன்னது? இல்லை. 1274இல் மறைந்த இப்னு மாலிக் தம் அல்ஃபிய்யாவில் மஸ்தர் வடிவங்களுக்கென ஓர் இயலே ஒதுக்கி, வினையின் இயல்பை வைத்து வடிவத்தை ஊகிக்கும் நெறியைத் தருகிறார். அதற்கு அடங்காதவற்றைத்தான் 'கேட்டறிக' என்று இறுதியில் ஒதுக்குகிறார். உரையாசிரியர் இப்னு அகீல், இந்த நெறியைச் சீபவைஹியே பல இடங்களில் கூறியிருப்பதைச் சுட்டி, இதில் ஒப்புமைக்கே இடமில்லை என்பாரை மறுக்கிறார். அல்ஃபிய்யாவையும் அதன் உரையையும் பாடமாக வைத்துக்கொண்டே 'காரணம் கேட்காதே' என்பவர்கள், தாங்கள் நடத்தும் நூலையே படிக்கவில்லை என்றுதான் நான் எண்ணுகிறேன்.

அந்த நெறி இரண்டு வினாக்களில் தொடங்குகிறது. வினை செயப்படுபொருள் ஏற்குமா? இறந்தகாலத்தில் அதன் நடு எழுத்து எந்த உயிரைப் பெறுகிறது?

செயப்படுபொருள் ஏற்றால், நடு உயிர் அகரமோ இகரமோ, முதல் எதிர்பார்ப்பு 'நஸ்ர்' வடிவம். நஸர (உதவினான்) – நஸ்ர், ஃபஹிம (புரிந்துகொண்டான்) – ஃபஹ்ம். செயப்படுபொருள் ஏற்காமல் நடு உயிர் அகரமாக இருந்தால் 'ஜுலூஸ்' வடிவம்: ஜலஸ (அமர்ந்தான்) – ஜுலூஸ், தகல (நுழைந்தான்) – துகூல். ஏற்காமல் இகரமாக இருந்தால் 'ஃபரஹ்' வடிவம்: ஃபரிஹ (மகிழ்ந்தான்) – ஃபரஹ். உகரமாக இருந்தால் அது பண்பைக் குறிக்கும் வினை. 'ஸுஹூலா' (எளிமை) அல்லது 'ஷஜாஆ' (வீரம்) என்ற இரண்டில் ஒன்றை எதிர்பார்க்கலாம்.

தமிழர் இதற்கு முற்றிலும் புதியவர்களும் அல்லர். நம் நீதிமன்றமும் வருவாய்த்துறையும் பாரசீகம், உருது வழியாக அரபு மஸ்தர்களைச் சுமந்துகொண்டிருக்கின்றன. 'ரத்து' என்பது ரத்த (திருப்பினான்) என்ற வினையின் மஸ்தர். 'நகல்' என்பது நகல (இடம்பெயர்த்தான், படியெடுத்தான்) என்பதன் மஸ்தராகிய நக்ல். இரண்டும் செயப்படுபொருள் ஏற்பவை, இரண்டும் நஸ்ர் வடிவம். 'வசூல்' என்பது வுஸூல், அதாவது வந்துசேர்தல். செயப்படுபொருள் வேண்டாத நிலையில் ஜுலூஸ் வடிவம். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வந்தவருக்கு இரண்டு வடிவங்கள் ஏற்கெனவே தெரியும்!

இந்த இரு வினாக்களின்மேல் பொருள் வந்து அமர்கிறது. இங்கேதான் விஷயம் சுவையானது. நோயும் உடல் உபாதையும் 'ஸுஆல்' (இருமல்) வடிவத்தில் வரும்: ஸுகாம் (சளி), துவார் (தலைச்சுற்றல்). ஓசைகள் அதே வடிவத்திலோ 'ஸஹீல்' (குதிரைக் கனைப்பு) வடிவத்திலோ வரும்: நுபாஹ் (குரைப்பு), கரீர் (நீரின் சலசலப்பு). தொழிலும் பதவியும் 'திஜாரா' (வணிகம்) வடிவத்தில்: ஸிராஆ (வேளாண்மை), கிலாஃபா. நம் 'வக்காலத்து' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அரபியில் விகாலா, வகாலா என இரண்டும் உண்டு. கொதிப்பும் சுழற்சியும் படபடப்பும் 'கலயான்' வடிவத்தில்: தயரான் (பறத்தல்), கஃபகான் (நெஞ்சுப் படபடப்பு). இந்தக் கடைசி வடிவத்தில் உயிர்கள் அடுத்தடுத்து ஓடுவது அசைவுகள் அடுத்தடுத்து நிகழ்வதைப் போலிருக்கிறது என்று சீபவைஹி கண்டதை, இருநூறு ஆண்டுகள் கழித்து இப்னு ஜின்னீ தம் அல்கஸாயிஸில் வியந்து எடுத்தாள்கிறார். கெய்ரோ மொழிக் கழகமும் புதுச்சொல் ஆக்கத்துக்கென, தொழில், நோய், அசைவு ஆகிய மூன்று பொருட்களுக்கும் இவ்வடிவங்களை ஒப்புமையால் அமைக்கலாம் என ஏற்றது. இவை இன்னும் உயிரோடிருக்கும் அச்சுகள்.

எங்கே தவறு நேர்கிறது என்றும் பார்க்க வேண்டும். முதல் தவறு அகரவரிசை. அது ஜலஸவையும் தகலவையும் ஒன்றன்பக்கத்தில் ஒன்று வரவிடாமல் பிரித்துவிடுகிறது. காதுக்கு ஓசை ஒற்றுமை எட்டுவதே இல்லை. இரண்டாவது தவறு நுட்பமானது. தர்ஸே நிஜாமி மரபில் வளர்ந்த எல்லோரும் நஸர, லரப, ஸமிஅ, ஃபதஹ என்று வாய்பாடு பாடியவர்கள். இவற்றின் மஸ்தர்கள் நஸ்ர், லர்ப், ஸம்உ, ஃபத்ஹ். நான்கும் செயப்படுபொருள் ஏற்பவை, நான்கும் ஒரே வடிவம். இகர வினைகளின் பெருங்கூட்டம் மகிழ்ச்சி, களைப்பு, வருத்தம் போன்று செயப்படுபொருள் ஏற்காதவை. அவற்றின் பிரதிநிதியாக ஸமிஅ (கேட்டான்) அமர்ந்திருப்பதால், ஃபரஹ் வடிவம் பாடுபவர் காதில் விழுவதே இல்லை. வாய்பாட்டை நான் பழிக்கவில்லை. வினைத் திரிபுக்கு அது அருமையான கருவி. மஸ்தருக்கு அது ஒருபக்கச் சாட்சி.

விளைவை விடைத்தாளில் காணலாம். நினைவு தவறிய மாணவர் எல்லாவற்றையும் நஸ்ர் அச்சில் வார்ப்பார். கரஜ (வெளியேறினான்) என்பதன் மஸ்தர் குரூஜ். 'கர்ஜ்' என்று எழுதினால் பொருள் 'செலவு' ஆகிவிடும். (செல் என்ற வினையிலிருந்து வந்த நம் 'செலவு' சங்கப் பாட்டில் பயணமாக இருந்து இன்று பணம் கரைவதாக மாறியிருப்பதை எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.)

அன்று நூலகத்தில் பட்டியலை மூடிவைத்துவிட்டு நான்கு வினைகளை மட்டும் எடுத்தோம். முதலில் ஊகிக்க வேண்டும், பிறகுதான் ஹான்ஸ் வேர் அகராதியில் வினையை அடுத்து அடைப்புக்குள் இருக்கும் மஸ்தரைப் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. ஸகத (மௌனமானான்): அகரம், செயப்படுபொருள் இல்லை. ஸுகூத் என்றாள். சரி. நதிம (வருந்தினான்): இகரம், ஏற்காது. நதம். அதுவும் சரி. ஸரக (அலறினான்): விதிப்படி ஸுரூக் என்று தொடங்கியவள் நிறுத்தி, "ஓசையாச்சே அக்கா" என்று ஸுராக் என்றாள். சரி. ஷரிப (குடித்தான்): செயப்படுபொருள் ஏற்கும், எனவே ஷர்ப் என்றாள். அகராதி ஷுர்ப் என்றது. தவறிய இந்த ஒன்றைத்தான் அவள் இனி நினைவில் இருத்த வேண்டும். ஊகித்துத் தவறியது என்பதாலேயே அது தானாக நிற்கும்.

எதிர்வாதம் எனக்குத் தெரியாததன்று. மிகுதியாக வழங்கும் சொற்களே விதியை மீறுகின்றன என்பார்கள். உண்மை. இல்ம் (அறிதல்), ஹிஃப்ல் (காத்தல், மனனம்), தலப் (தேடல்), நம் ஆட்சிமொழியில் 'அமல்' ஆன அமல், எதுவும் நஸ்ர் வடிவத்தில் இல்லை. தேய்ந்த வழக்கில்தான் பழைய வடிவங்கள் தங்கும். உண் – ஊண், கெடு – கேடு என்று நம் மொழியிலும் அப்படித்தான். ஆயினும் தமிழில் தடுமாறினால் '-தல்' கைகொடுக்கும். அரபு மூவெழுத்து வினைக்கு அப்படி ஓர் ஊன்றுகோல் இல்லை. ஆகவே விதிமீறியவற்றைத் தனிப் பக்கத்தில் எழுதி, தொடராகக் கற்க வேண்டும். 'தலபுல் இல்ம்' (கல்வி தேடல்) என்ற ஒரே தொடரில் இரண்டு விதிமீறிகள் அடங்கிவிடுகின்றன.

விதிமீறல் போலத் தோன்றுபவை சிலவற்றுக்குக் காரணமும் உண்டு. தொழுகையின் நிலைகளைப் பாருங்கள். ருகூஉ, ஸுஜூத் இரண்டும் ஜுலூஸ் வடிவம். நிற்றல் மட்டும் கியாம். அவ்வினையின் நடு எழுத்து 'வாவ்'. ஜுலூஸ் அச்சில் வார்த்தால் 'குவூம்' என்று வகரமும் நெட்டுகரமும் மோதும். அரபு நாக்கு அதை விரும்பாமல் வேறு வடிவத்துக்கு நகர்ந்து, அங்கும் இகரத்தின் பின் வகரத்தை யகரமாக்கிக்கொண்டது. நோன்பாகிய ஸியாமும் அப்படியே.

ஒரே வினைக்குப் பல மஸ்தர்கள் வந்து பொருளைப் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு. ரஆ (கண்டான்) என்பதற்குக் கண்ணால் காண்பது ருஃயத், கருத்து ரஃய், கனவு ருஃயா. மாணவியின் பட்டியலில் இதற்கு ஒரே கட்டம், ஒரே சொல். அதை ஒப்பித்து நூற்றுக்கு நூறு வாங்கியவர், நாளை ஒரு மூலநூலை மொழிபெயர்க்கும்போது கருத்தைக் கனவாக்கக்கூடும். ஆய்வேடுகளில் இத்தகைய பிழைகளைப் பார்த்துவிட்டுத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

பாடத்திட்டக் குழுக்களில் இருப்போரிடம் என் கோரிக்கை சிறியது. புதிய நூல் வேண்டாம், பயிலரங்கு வேண்டாம். அடுத்த பருவத்தில் அந்தப் பதினொரு பக்கங்களை அகரவரிசையிலிருந்து எடுத்து, நடு உயிர், செயப்படுபொருள், பொருட்குழு என்று மறுபடி அடுக்குங்கள். மஸ்தர் பத்தியைத் தாளின் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள். அந்த மாணவி தன் பட்டியலை ஏற்கெனவே கத்தரித்துவிட்டாள். அவளுடைய விதிமீறிகள் பக்கம் இப்போது மேசை விளக்கின்கீழ் ஒட்டப்பட்டிருக்கிறது. நேற்று அதில் ஷுர்புக்குக் கீழே 'ரக்ஸ் – ஆடுதல், ஏற்காது, ஆனாலும் நஸ்ர், ஏன்?' என்று எழுதியிருந்தாள். எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.