‘ஜாலிக்குத்தான் போட்டேன்’ என்பது பதில் ஆகாது

நண்பனைக் கேவலப்படுத்தி மீம் போட்டவனிடம் ஏன் என்று கேட்டுப்பாருங்கள். “சும்மா ஜாலிக்குத்தான். அவன் என் ஃப்ரெண்டு, எனக்கு அந்த உரிமை இல்லையா?” என்பான். கேட்டவரும் அதோடு விட்டுவிடுவார். பெற்றோரும் விடுகிறார்கள், ஆசிரியர்களும் விடுகிறார்கள். பிறகு பழி மெல்ல மறுபக்கம் திரும்பும். கலாய்க்கப்பட்டவனுக்கு இதைக்கூடத் தாங்கத் தெரியவில்லை, எதற்கெடுத்தாலும் சீரியஸ் ஆகிறான், அவனோடு பழகுவதே கஷ்டம் என்று பேச்சு வரும். அடிபட்டவனே குற்றவாளி ஆகிவிடுவான்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கேலியா கொடுமையா என்பது போட்டவனின் மனசைப் பொறுத்தது, அந்த மனசுக்குள் போய்ப் பார்க்க வெளியாளால் முடியாது, ஆகவே அவன் சொல்வதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான் என்ற நம்பிக்கை. நான் இதை ஏற்கவில்லை. மீம் என்பது செய்யப்பட்ட ஒரு பொருள். யாரோ ஒரு படத்தைத் தேடி எடுத்து, வெட்டி, எழுத்துப் போட்டு, ஓர் இடத்தைத் தேர்ந்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஒவ்வொரு தேர்வும் மீமிலேயே பதிந்து கிடக்கிறது. மனசைத் தோண்ட வேண்டிய தேவையே இல்லை.

சட்டமும் மனசைத் தோண்டுவதில்லை. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டார். அதன் பிறகு 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ஒரு செயல் மாணவருக்கு உடலிலோ மனதிலோ கேட்டையோ, அச்சத்தையோ, வெட்கத்தையோ, சங்கடத்தையோ உண்டாக்குமா என்றுதான் அந்தச் சட்டம் பார்க்கிறது. கேலி செய்வதையும் அது வெளிப்படையாகவே ராகிங்கில் சேர்த்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு தன் ராகிங் விதிமுறைகளை 2016இல் திருத்தியபோது நிறம், சாதி, தோற்றம், பிறந்த ஊர், பேசும் மொழி, பொருளாதார நிலை ஆகியவற்றை வைத்து ஒரு மாணவரை மனதளவில் துன்புறுத்துவதையும் ராகிங் என்றே வரையறுத்தது. ‘ஜாலிக்குத்தான்’ என்பதற்கு அங்கே விலக்கு எதுவும் இல்லை.

இனி இரண்டு மீம்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். இரண்டும் ஒரே பையனைப் பற்றியவை, ஒரே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வருபவை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் போட்டவன், தான் அவனுடைய நெருங்கிய நண்பன் என்றே சொல்கிறான்.

முதல் மீமில் ‘வின்னர்’ படத்துக் கைப்புள்ள. வாங்கிய அடியை மறைத்துக்கொண்டு கெத்தாக நடக்கும் வடிவேலு. மேலே, “நேத்து: கணக்கு இன்டர்னலா? கண்ண மூடிக்கிட்டு எழுதுவேன்.” கீழே, “இன்னைக்கு பேப்பரப் பார்த்த சார்: நிஜமாவே கண்ண மூடிக்கிட்டுதான்டா எழுதியிருக்க.” முதல் நாள் இரவு ஹாஸ்டல் அறையில் அந்தப் பையன் விட்ட பெருமைதான் அந்த மேல் வரி.

இரண்டாவது மீமில் அந்தப் பையனே இருக்கிறான். மெஸ் பெஞ்சில் சாய்ந்து, வாய் திறந்தபடி தூங்குகிறான். பக்கத்தில் முழுக் கறுப்பாக ஒரு கட்டம். எழுத்து: “கரண்ட் போனா ஆள் மிஸ்ஸிங்.”

முதலில் முகத்தைப் பாருங்கள். முதல் மீமில் அடி வாங்குவது கைப்புள்ள. அந்தப் பையனுக்கும் அடிக்கும் நடுவில் வடிவேலு நிற்கிறார். நம் ஊர் மீம்களில் ஏராளமானவை அவர் முகத்தில் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அவர் பாத்திரங்கள் எல்லோருடைய தோல்வியையும் தாங்கிக்கொள்கின்றன. யாரையும் அந்த இடத்தில் வைக்கலாம், வைக்கப்பட்டவன் குறைந்துபோவதில்லை. இரண்டாவது மீமில் நடுவில் யாரும் இல்லை. அந்தப் பையனே டெம்ப்ளேட் ஆகிவிட்டான். அதுவும் எந்தப் படம்? அவன் போஸ் கொடுத்த படம் அல்ல. தூங்கும்போது எடுத்தது. இது அடையாள அட்டைப் படமாகவோ, பள்ளி குரூப் போட்டோவிலிருந்து பெரிதாக்கி வெட்டிய மங்கலான தலையாகவோ இருந்திருந்தாலும் சங்கதி ஒன்றுதான். படம் திருடப்பட்டதா, கொடுக்கப்பட்டதா என்பதை வெட்டின விளிம்பே காட்டிக்கொடுக்கும். தூங்குபவனைப் படம்பிடித்து, சேமித்து, வெட்டி, கறுப்புக் கட்டம் தேடி ஒட்டியவன், ‘டக்குனு தோணுச்சு, போட்டேன்’ என்று சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்து, எதை வைத்துச் சிரிக்கிறோம் என்பது. முதல் மீம் அவன் வாயால் சொன்னதை அவனிடமே திருப்பித் தருகிறது. அடுத்த இன்டர்னலில் நன்றாக எழுதினால் அந்த மீம் செத்துவிடும். இரண்டாவது மீம் அவன் நிறத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதிலிருந்து வெளியே வர அவனால் எதுவும் செய்ய முடியாது. உயரம், உடம்பு, திக்குவாய், அப்பாவின் தொழில், ஊர், சாதி, இங்கிலீஷ் உச்சரிப்பு எல்லாம் இந்த வகைதான். எழுத்தை மட்டும் படித்தால் ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் உள்ள சூழ்ச்சி. ‘கரண்ட் போனா ஆள் மிஸ்ஸிங்’ என்பது, மின்வெட்டு வந்ததும் படிப்பை விட்டு ஓடுகிறவனைப் பற்றியும் இருக்கலாம். வரியில் குற்றம் இல்லை, தூங்கும் படத்தில் தனியாகக் குற்றம் இல்லை, கறுப்புக் கட்டத்திலும் இல்லை. மூன்றையும் ஒன்றாக வைத்த இடத்தில்தான் விஷம் இருக்கிறது. கேட்டால், ‘நான் கறுப்புன்னு எங்கடா எழுதியிருக்கேன்?’ என்று எழுத்தை மட்டும் காட்டுவார்கள். படத்தையும் சேர்த்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வாய் திறக்காது.

எனக்கு எல்லாவற்றையும்விட நம்பகமாகத் தோன்றும் தடயம் வேறு. அந்தப் பையனைப் பார்த்தே இராத ஒருவர் அந்த மீமைப் பார்த்துச் சிரிப்பாரா? முதல் மீமை வெளியாளிடம் காட்டினால் ‘யாரு இது? என்ன நடந்துச்சு?’ என்று கேட்பார். நண்பர் கேலி அப்படித்தான், உள்ளே இருப்பவனுக்கு மட்டும் திறக்கும். 2019 மே மாதம் ‘பிரே ஃபார் நேசமணி’ டிரெண்ட் ஆனபோது, ‘பிரண்ட்ஸ்’ படம் பார்க்காத வெளி மாநிலத்தார் யார் இந்த நேசமணி என்று விழித்ததை நினைத்துப்பாருங்கள். தெரிந்தவர்களுக்குள் ஓடும் கேலிக்கு அந்தக் கதவு உண்டு. இரண்டாவது மீமுக்குக் கதவே இல்லை. எந்த ஊர்க்காரனும் உடனே சிரிப்பான். ஏனென்றால் அதில் அந்தப் பையனைப் பற்றி எதுவுமே இல்லை, அவனை விடப் பழைய நிறவெறி மட்டும்தான் இருக்கிறது. நண்பன் என்பதால்தான் கலாய்த்தேன் என்றவன், நண்பனுக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயத்தைக்கூட அதில் வைக்கவில்லை.

நம் கல்யாண வீடுகளில் ஏசல் பாட்டு உண்டு. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரை ஏசுவார்கள், உடனே எசப்பாட்டு வரும். இரு பக்கமும் பாடும் என்பதால்தான் சபை சிரிக்கும். மீமிலும் இதைத்தான் தேட வேண்டும். குழுவில் போன மாதம் முழுக்க மேலே தள்ளிப் பாருங்கள். எல்லோரும் மாறி மாறி மாட்டுகிறார்களா, ஒருவனே மாட்டுகிறானா? அவன் திருப்பிப் போட்ட மீம் ஒன்றாவது இருக்கிறதா? அவனைச் சேர்க்காத இன்னொரு குழு இருந்து, மீம் முதலில் அங்கே ஓடியிருந்தால், அதற்கு மேல் விசாரணையே வேண்டாம். நண்பனைச் சிரிக்க வைக்கும் எண்ணம் இருந்தவன் அவன் இல்லாத இடத்தில் ஏன் போட வேண்டும்?

இதை விட மோசமானது ஸ்டிக்கர். தூங்கும் முகத்தை வெட்டி ஸ்டிக்கர் ஆக்கிவிட்டால், எந்தப் பேச்சுக்கும் பதிலாக அந்த முகம் வந்து விழும். போட்டவன் மனம் மாறி ‘எல்லோருக்கும் நீக்கு’ என்று அழுத்தினாலும் அவன் அனுப்பிய செய்திதான் போகும். மற்றவர்கள் சேமித்துக்கொண்ட ஸ்டிக்கர் அவரவர் போனில் அப்படியே இருக்கும். முதல் மீம் இன்டர்னலோடு முடியும். ஸ்டிக்கருக்கு முடிவு கிடையாது.

‘அவனே சிரிச்சானே’ என்பது அடுத்த வாதம். கண்ணீர் வரச் சிரிக்கும் ஒரு எமோஜியைக் காட்டி இவனே ஒப்புக்கொண்டான் என்கிறார்கள். அறுபது பேர் பார்க்கும் குழுவில், வேறென்ன போடுவான்? கோபப்பட்டால் அதையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அடுத்த மீம் ஆக்குவார்கள் என்று அவனுக்குத் தெரியும். எமோஜிக்குப் பின்னால் என்ன வந்தது என்று பாருங்கள். கைப்புள்ள மீமுக்கு அந்தப் பையன் “டேய், நீ எழுதுன லட்சணம் தெரியாதா” என்று ஏதாவது சொல்வான், பேச்சு வளரும். மற்றதற்கு ஒரு எமோஜியோடு மௌனம். சில நாளில் டிபியில் இருந்த படம் போய் ஏதாவது மலையோ நடிகரோ வரும். குழுவில் பேச்சு குறையும். சிரிப்பு சம்மதம் அல்ல, பல நேரம் தப்பிக்கும் வழி.

கவுண்டமணியும் செந்திலும் செய்யாததா என்பவர்களும் உண்டு. அந்த ஜோடியின் பெருமை உருவக் கேலியில் இல்லை. ‘கரகாட்டக்காரன்’ படத்து வாழைப்பழக் காட்சியில் ஜெயிப்பது செந்தில்தான். கவுண்டமணி கத்திக்கத்திக் களைக்கிறார், செந்தில் அசையவே இல்லை. அந்த எதிராட்டம் இருப்பதால்தான் இன்றும் சிரிக்கிறோம். அந்தப் படங்களில் நிறத்தையும் உருவத்தையும் வைத்துத் திட்டிய இடங்களும் ஏராளம். அவை அன்றும் தவறு, இன்றும் தவறு. அதுவும் எழுதிக் கொடுத்து, சம்பளம் வாங்கி, இரண்டு நடிகர்கள் சேர்ந்து நடித்தது. ஹாஸ்டலில் தூங்கிய பையன் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

இந்தத் தடயங்களுக்கும் எல்லை உண்டு. நிறத்துக்காக ஒன்றாகக் கேலி வாங்கிய இரண்டு பேர், தங்களுக்குள் அதையே சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம். அது அவர்கள் இருவருக்குள் இருக்கும்வரை கேலிதான், மூன்றாவது ஆள் எடுத்து ஃபார்வர்ட் செய்த நொடியில் மாறிவிடும். அதேபோல் எல்லாத் தடயமும் சரியாக இருந்தும் ஒரு மீம் வலிக்கலாம். அந்த இன்டர்னலில் தோற்றதால் அவனுடைய ஸ்காலர்ஷிப் போயிருந்தால் கைப்புள்ளயும் வலிக்கும். அங்கே தீர்ப்பு சொல்ல வேண்டியவன் அவன் ஒருவன்தான். ‘வலிக்குது’ என்று அவன் சொன்ன பிறகு மீம் நின்றால் போட்டவன் நண்பன், தொடர்ந்தால் அவன் நண்பன் அல்ல.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் இது. புகார் வந்தால் போட்டவனிடம் ‘எந்த எண்ணத்தில் போட்டாய்?’ என்று கேட்காதீர்கள். மீமை வாங்கிப் பாருங்கள். படம் எங்கிருந்து வந்தது, எதை வைத்துச் சிரிக்கிறது, யாரைச் சேர்க்காமல் எங்கே போட்டான் என்று கேளுங்கள். மீம் போடுகிற தம்பி, தங்கைகளுக்கும் ஒன்று. தூங்கும் நண்பனின் முகம் ஸ்டிக்கராக உங்கள் போனில் இருந்தால் இன்றே அழியுங்கள். அதைச் சேமித்து வைத்திருக்கும் மற்றவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள்.