விகிதம் இரண்டு, கையில் காசில்லை

கணக்கியல் தேர்வில் நடப்பு விகிதம் 2 என்று வந்தால், "கடனை அடைக்கும் நிலை நன்று" என்று யோசிக்காமல் எழுதிவிடுவேன். மாமாவின் துணிக்கடைக் கணக்கைப் பார்த்த பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை.

தீபாவளி முடிந்த மாத இறுதியில் கடையின் நடப்புச் சொத்து 200,000 ரிங்கிட். அதில் சரக்கு 140,000, வாடிக்கையாளர் பாக்கி 45,000, ரொக்கமும் வங்கி இருப்பும் 15,000. ஓராண்டுக்குள் அடைக்க வேண்டிய கடன் 100,000. வகுத்தால் விகிதம் 2. ஆனால் மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலை திரும்பிவிடாமலிருக்க மாமா கைமாற்று வாங்கினார்.

விரைவு விகிதம் உண்மையைச் சொன்னது. சரக்கைக் கழித்தால் மிஞ்சுவது 60,000, விகிதம் 0.6. ஒரு ரிங்கிட் கடனுக்கு 60 சென்தான் இருக்கிறது. பண்டிகை முடிந்தபின் தங்கிய சேலைகளை விலை குறைத்தால்தான் விற்க முடியும். அந்த 60 சென்னிலும் 45 சென் பிறர் தர வேண்டிய பாக்கி. அவர்கள் இழுத்தடித்தால் அதுவும் வெறும் எண்தான்.

அதற்காக 0.6 என்றாலே ஆபத்து என்பதும் தவறு. பேரங்காடி அன்றாடம் ரொக்கத்துக்கு விற்கிறது. சரக்கு தந்தவருக்குப் பல வாரம் கழித்தே பணம் கட்டுகிறது. அங்கே சரக்கு சீக்கிரம் காசாகிவிடும்.

ஆகவே, விகிதத்தோடு விடையை முடிக்கக்கூடாது என்பது என் கருத்து. சரக்கு எத்தனை நாளில் விற்கிறது, பாக்கி எத்தனை நாளில் வருகிறது என்றும் மாணவர்கள் கேட்க வேண்டும்.