பன்னிரண்டு எழுத்துக்கு மேல் ஏன் கூடாதாம்?

எனக்குக் கணக்கு இருக்கும் ஓர் இணையதளம், பாஸ்வேர்ட் 8 முதல் 12 எழுத்துக்குள் இருக்கவேண்டும், பெரிய எழுத்து, எண், குறி மூன்றும் கட்டாயம் என்கிறது. இந்த விதியால் திருடனுக்குத்தான் லாபம் என்பது என் கட்சி.

ஒழுங்கான தளம் நம் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளாது. ஒரு கணக்கு முறையில் போட்டு அரைத்து, வெளிவரும் 'ஹாஷ்' என்ற கோவையை மட்டும் சேமிக்கும். password என்ற சொல்லை எஸ்.ஹெச்.ஏ-1 என்ற முறையில் அரைத்தால் வருவது இது:

```
5baa61e4c9b93f3f0682250b6cf8331b7ee68fd8
```

மாவை மறுபடி அரிசியாக்க முடியாது. அடுத்த முறை நாம் நுழையும்போது, தட்டியதை மறுபடி அரைத்து இரண்டும் ஒன்றா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஒரு சொல் கொடுத்தாலும் ஒரு பக்கம் கொடுத்தாலும் இந்த முறையில் வருவது 40 எழுத்துதான். ஆகவே 12 என்ற கட்டுப்பாட்டுக்கு இடப்பற்றாக்குறையைக் காரணம் சொல்ல முடியாது.

2012 ஜூனில் லிங்க்டுஇன் தளத்திலிருந்து திருடப்பட்ட சுமார் 65 லட்சம் ஹாஷ்கள் வெளியாயின. எல்லாம் எஸ்.ஹெச்.ஏ-1. ஆளுக்கு ஆள் வேறுபடும் 'உப்பு' என்ற சிறு கோவையைச் சேர்த்து அரைத்திருக்கவேண்டும், அதையும் செய்யவில்லை. அதனால் திருடன் ஓர் ஊகத்தை ஒருமுறை அரைத்தால் போதும், 65 லட்சத்தோடும் ஒப்பிட்டுவிடலாம். இதெல்லாம் அவன் வீட்டுக் கணினியில் நடப்பது. மூன்று தடவை தவறினால் பூட்டும் ஏற்பாடெல்லாம் அங்கே செல்லாது.

நல்ல கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று நொடிக்கு 1000 கோடி எஸ்.ஹெச்.ஏ-1 ஊகங்களைப் பார்த்துவிடும். Ramesh@1958 என்பது மேற்படி விதிக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் பெயர் 10,000, குறி 10, நான்கு இலக்க எண் 10,000 என்று பெருக்கினால் மொத்தம் 100 கோடிதான். நொடியில் பத்தில் ஒரு பங்கு!

இப்போது டைஸ்வேர் என்ற பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 7776 சொற்கள். ஐந்து தாயக்கட்டையை (ஆறு முகம் உள்ளதை) உருட்டினால் ஒரு சொல் கிடைக்கும். நான்கு சொல் சேர்த்தால் அதே அட்டைக்கு நாலு நாள் வேலை. அது போதாது. ஐந்து என்றால் 90 ஆண்டு, ஆறு என்றால் சுமார் 7 லட்சம் ஆண்டு. நீளம் மட்டும் காப்பாற்றாது, சொற்களைக் கட்டைதான் தேர்ந்தெடுக்கவேண்டும். திருக்குறளைத் தட்டினால் நீளம் உண்டு, ஆனால் இருப்பதே 1330 குறள்தானே!

அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2017-லேயே, குறி, எண் என்று கட்டாயப்படுத்தாதீர்கள், 64 எழுத்து வரையாவது அனுமதியுங்கள் என்று சொல்லிவிட்டது. பிகிரிப்ட் போல வேண்டுமென்றே மெதுவாக அரைக்கும் முறைகளும் இருக்கின்றன. உங்கள் தளம் எதைப் பயன்படுத்துகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ஒன்று மட்டும் தெரியும்: 'மறந்துவிட்டேன்' என்று அழுத்தியதும் உங்கள் பழைய பாஸ்வேர்டையே மின்னஞ்சலில் அனுப்பினால், அவர்கள் அதை ஹாஷாக மட்டும் வைத்திருக்கவில்லை.