வெள்ளைக்காரத் துரையை நாம கும்பிடுறதில்லைங்க

கொஞ்சம் நீளமான பதிவு. ஆலய வாசல்ல நின்னு சுற்றுப்பயணிகளுக்கு விளக்கம் சொல்ற தொண்டூழியர்கள் கடைசி வரைக்கும் படிக்கணும்னு கேட்டுக்கிறேன். சிலருக்குக் கோபம் வரலாம். வந்தாலும் பரவாயில்லை.

பத்து காஜா கெல்லிஸ் காசலைப் பார்க்க வர்ற கூட்டத்துல ஒரு பகுதி பக்கத்துல இருக்கிற ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்துக்கும் வருது. அங்கே சாமி உருவங்களோட வரிசையில, வெள்ளை உடுப்பில ஒரு துரையின் உருவம் நிற்கும். அதைக் காட்டி ஒரு வழிகாட்டி தன்னோட கூட்டத்துக்குச் சொன்னதை நானே காதால கேட்டேன்: "இந்தியத் தொழிலாளிகள் தங்கள் முதலாளியையே தெய்வமாக்கிக் கும்பிட்டார்கள்." கூட்டம் சிரிச்சுது, படம் எடுத்துது, போயிடுச்சு.

வழிகாட்டியை விடுங்க. அவர் நம்ம சமயத்தவர் இல்லை. என் கோபம் நம்ம ஆட்கள் மேல. பக்கத்துல நின்ன நம்மவர் ஒருத்தரும் "ஆமா, நாங்க எல்லாத்தையும் சாமியா பார்ப்போம்"னு தலையாட்டினார். பெருந்தன்மையான பதில் மாதிரி தெரியும். ஆனா அது தப்பான பதில். அந்தத் தோட்டத்துல செத்துப்போன நம்ம முன்னோர்களை அவமதிக்கிற பதிலும் கூட.

கதையை ஒழுங்கா பார்ப்போம். வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர். ரப்பர் தோட்டத்துல பணம் பார்த்தவர். 1915-இல் இந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். சென்னை மாகாணத்துலேர்ந்து 70 கைவினைஞர்களைக் கொண்டு வந்தார். கொஞ்ச நாள்லயே உலகம் முழுக்கப் பரவின ஸ்பானிஷ் காய்ச்சல் இங்கேயும் வந்து, வேலை செஞ்சவங்க பல பேரைக் கொண்டு போயிடுச்சு. மிஞ்சினவங்க துரைகிட்ட மாளிகையைக் கேட்கல, பணத்தைக் கேட்கல. மாரியம்மனுக்கு ஒரு கோவில் கேட்டாங்க. அவர் சம்மதிச்சார், உதவினார். அந்த நன்றிக்காக அவர் உருவத்தையும் வச்சாங்க என்பதுதான் வழிவழியா சொல்லப்படுற செய்தி. 1926-இல் ஸ்மித் லிஸ்பன் நகரத்துல இறந்தார். மாளிகை கடைசி வரைக்கும் முடியவே இல்லை. கோவில்ல இன்னிக்கும் விளக்கு எரியுது.

இப்ப கேள்வி இதுதான். அந்த உருவத்தை எங்கே வச்சாங்க? வெளியில வச்சாங்க. கருவறைக்குள்ள யாரை வச்சாங்க? அம்மனை. காய்ச்சல்ல துடிச்ச ஜனங்க, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஜனங்க, நன்றியை எங்கே வைக்கணும், தெய்வத்தை எங்கே வைக்கணும்னு தெளிவா தெரிஞ்சு வச்சிருக்காங்க. பட்டம் வாங்கின நமக்குத்தான் அந்த வித்தியாசம் வாயில வரமாட்டேங்குது.

இதைச் சுற்றுப்பயணிக்குப் புரிய வைக்க நீங்க ஆகமம் கரைச்சுக் குடிக்க வேண்டாம். கோபுரம், மண்டபம், கருவறை, இந்த மூணு இடத்துக்கும் என்ன வேலைன்னு தெரிஞ்சா போதும்.

முதல்ல கோபுரம். அது வாசலுக்கு மேல நிற்கிறது. சாமிக்கு மேல நிற்கிறது விமானம். இந்த ரெண்டையும் நம்மவங்களே போட்டுக் குழப்புறாங்க. தஞ்சைப் பெரிய கோவில்ல வானத்தைத் தொடுறது விமானம், அதுக்கு அடியிலதான் சிவலிங்கம். அங்கே வாசல் கோபுரங்கள் அதைவிட உயரம் குறைவு. மதுரையில நேர் மாறு. நாலு திசையிலயும் பெரிய பெரிய கோபுரங்கள் நிற்கும், மீனாட்சி அம்மனுக்கு மேல இருக்கிற பொன் விமானமோ சின்னது. ஈப்போ வட்டாரத்துல நாம எழுப்பின ராஜகோபுரங்கள் மதுரை வழியில வந்தவை. அதனால சுற்றுப்பயணி முதல்ல படம் பிடிக்கிறது வாசலைத்தான். அதைக் காட்டி "இதுக்குள்ளதான் எங்க சாமி இருக்கு"ன்னு சொல்லாதீங்க.

கோபுரம் தெருவைப் பார்த்து நிற்கிறது. அதனால அதுல தெருவுக்குச் சொல்ல வேண்டிய எல்லாமே இருக்கும். தெய்வங்கள் இருப்பாங்க, புராணக் கதை இருக்கும், துவாரபாலகர் இருப்பாங்க, பாரம் தாங்குற பூதகணம், மத்தளம் அடிக்கிறவன், யாளி, மாடு, மனுஷன் எல்லாம் இருக்கும். கோபுரத்துல ஏறினது எல்லாமே வழிபடு தெய்வம்னா மத்தளக்காரனும் நமக்குச் சாமிதான். இந்த உருவங்களெல்லாம் சுதை வேலை. செங்கல்லும் சிமெண்டும் வச்சு உருட்டி, மேலே வர்ணம் பூசினது. நம்ம ஊர் மழைக்கும் வெயிலுக்கும் நிறம் வெளுக்கும், விரல் உடையும், காது உதிரும். 12 வருஷத்துக்கு ஒரு தடவை திருப்பணி, கும்பாபிஷேகம்னு வரும்போது சரி செஞ்சு திரும்ப வர்ணம் அடிப்போம். அந்த உருவங்களுக்குத் தினசரி அபிஷேகமும் கிடையாது, நைவேத்தியமும் கிடையாது.

அடுத்தது மண்டபம். இது ஜனங்களோட இடம். நின்னு கும்பிடுறது, தேவாரம் பாடுறது, கல்யாணம் நடத்துறது, அன்னதானத்துக்கு வரிசையில உட்கார்றது எல்லாம் இங்கேதான். கோவிலுக்குக் கொடுத்தவங்களோட உருவமும் நம்ம மரபுல இந்த மாதிரி இடங்கள்ல வரும். மதுரைப் புதுமண்டபத் தூண்கள்ல திருமலை நாயக்கரும் அவர் முன்னோர்களும் ஆள் உயரத்துக்கு நிற்கிறாங்க. திருப்பதியில கிருஷ்ணதேவராயர் ரெண்டு தேவியரோட வெண்கலத்துல கைகூப்பி நிற்கிறார். அவங்களை யாராவது மூலவர்னு சொல்றாங்களா? கொடுத்தவன், கும்பிட வந்தவன், எங்களோட நிற்கிறவன், அவ்வளவுதான். பத்து காஜாவுல நிற்கிற துரைக்கும் அதே மரபுதான் இடம் கொடுத்திருக்கு. ராஜாவுக்குக் கிடைச்ச இடத்தை ஒரு தோட்ட முதலாளிக்குத் தொழிலாளிங்க கொடுத்தாங்க. அந்தப் பெருந்தன்மையைச் சொல்லுங்க. அடிமைப் புத்தின்னு கேட்கிறவன் நினைக்கிற மாதிரி சொல்லாதீங்க.

"அப்ப எது சாமி, எது சாமி இல்லைன்னு எப்படித் தெரியும்?"னு கேட்பாங்க. நல்ல கேள்வி. பதிலைக் காட்டியே சொல்லலாம். கொடிமரம் இருந்தா அதன் பக்கத்துல நிக்க வைங்க. சின்னக் கோவில்ல கொடிமரம் இருக்காது, ஆனா பலிபீடமோ வாகனமோ பெரும்பாலும் இருக்கும். அம்மன் கோவில்னா சிங்கம், முருகன் கோவில்னா மயில். அந்த வாகனம் எங்கே பார்க்குதோ அங்கே பார்க்கச் சொல்லுங்க. மண்டபத்துக்கு நடுவுல கண்ணு நேரா போய், இருட்டுல எரியிற விளக்குல முட்டி நிற்கும். அதுதான் நாங்க கும்பிடுற இடம்னு சொல்லுங்க. ஒரு நிமிஷத்துல முடியிற வேலை. தலையை அண்ணாந்து கோபுரத்துப் பொம்மையை எண்ணிக்கிட்டு இருந்தவன் முதல் தடவையா கோவிலுக்குள்ள பார்ப்பான்.

ஒரு எச்சரிக்கை. "வெளியில இருந்தா சாமி இல்லை"ன்னு குறுக்கிடவும் கூடாது. நம்ம தோட்டத்துக் கோவில்கள்ல முனியாண்டியும் மதுரை வீரனும் வெட்டவெளியில, மரத்தடியில, வெறும் சூலமாக்கூட நிற்கிறாங்க. கூரையும் இல்லை, விமானமும் இல்லை. ஆனா பீடம் உண்டு, விளக்கு உண்டு, படையல் உண்டு. அதனால உயரத்தையும் உள்ளே வெளியேயும் பார்க்காதீங்க. பீடமும் விளக்கும் பூசையும் இருக்கான்னு பாருங்க. துரை உருவத்துக்கு எதிர்ல பலிபீடம் வச்சு யாரும் படையல் போடறது இல்லை.

கடைசியா கருவறை. இங்கேதான் மனஸ்தாபமே வருது. சுற்றுப்பயணி படிக்கட்டு வரைக்கும் வந்துடுவான். நம்ம தொண்டர் கையை நீட்டி மறிச்சு, "இந்து இல்லாதவங்க உள்ளே போகக் கூடாது"ன்னு சொல்வார். கேட்டவன் முகம் சுருங்கிடும். ஏங்க, நீங்க உள்ளே போவீங்களா? நான் போவேனா? ஆயிரக்கணக்குல வெள்ளி கொடுத்த உபயகாரர் போவாரா? ஆலயத் தலைவர் போவாரா? ஆகம முறைப்படி நடக்கிற கோவில்ல தீட்சை பெற்ற குருக்களைத் தவிர யாரும் போறது இல்லை. கருவறைன்னா கருப்பை மாதிரியான அறை. அதனாலதான் ஜன்னல் இல்லை, ஒரே வாசல், சின்ன இடம், எண்ணெய் விளக்கு வெளிச்சம். கல் விக்கிரகத்தைப் பீடத்துல அஷ்டபந்தன மருந்து வச்சுப் பதிச்சு, தினமும் குளிப்பாட்டி, உடுத்தி, உணவு படைச்சு ஒரு உயிரா நடத்துற இடம் அது. இதைச் சொல்லிட்டு, "நானும் இந்தப் படியோடதான் நிற்பேன், வாங்க, என் பக்கத்துல நின்னு பாருங்க"ன்னு கூப்பிடுங்க. அதே விதிதான். ஆனா முதல் வாக்கியம் அவனை விரட்டுது, ரெண்டாவது அவனை நம்ம வரிசையில சேர்த்துக்குது.

தெரியாததைச் சமாளிக்க வாட்சப்ல வந்ததை எடுத்து விடறதையும் நிறுத்தணும். "கோபுரக் கலசம்தான் அந்தக் காலத்து இடிதாங்கி"ன்னு ஒரு கதை. இடிதாங்கின்னா மேலேர்ந்து மண்ணு வரைக்கும் இறங்குற உலோகக் கம்பி வேணும். செங்கல் மேல தனியா உட்கார்ந்திருக்கிற செப்புக் கலசத்துல அந்தக் கம்பி எங்கே? வர்றவங்கள்ல இன்ஜினியர் இருப்பார். அவர் ஒரு கேள்வி கேட்டா, அதுக்கு முன்னாடி நீங்க சொன்ன உண்மையும் பொய்யாப் போயிடும்.

"போறவன் வர்றவன் என்ன நினைச்சா நமக்கென்ன?"ன்னு சிலர் சொல்றாங்க. அவன் நினைச்சிட்டு சும்மா போறது இல்லையே. படத்தைப் போட்டு, கீழே எழுதிட்டுப் போறான். நாளைக்கு நம்ம பிள்ளைங்க அதைத்தான் படிக்கும். தோட்டம் போச்சு, லயம் போச்சு, பால்மரம் இருந்த இடத்துல செம்பனையும் வீடமைப்பும் வந்தாச்சு. பல இடத்துல அந்த ஜனங்க வாழ்ந்ததுக்கு மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி இந்தக் கோவில்தான். அந்தச் சாட்சியையும் "முதலாளியைக் கும்பிட்டவங்க"ன்னு மாத்தி எழுத நாம தலையாட்டக் கூடாது.

அதனால, நம்ம ஆலய நிர்வாகங்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். தைப்பூசம், தீமிதி, பள்ளி விடுமுறைன்னு கூட்டம் வர்றதுக்கு முன்னாடி தொண்டர்களைக் கூட்டி, கொடிமரத்துலேர்ந்து கருவறைப் படி வரைக்கும் ஒரு தடவை நடக்க வைங்க. கால் மணி நேரம் போதும். மலாயில, ஆங்கிலத்துல, தமிழ்ல நாலே வாக்கியம் பழக்குங்க. இது வாசல், கதை சொல்ற இடம். இது மண்டபம், நாமெல்லாம் நிற்கிற இடம். அது கருவறை, தெய்வம் இருக்கிற இடம். கொடுத்தவங்களுக்கு நன்றி உண்டு, வழிபாடு அம்மனுக்கு.

மாற்றுக் கருத்து இருந்தா தாராளமா கீழே எழுதுங்க, மரியாதையோட பேசுவோம்.

தாயே துணை. ஓம் சக்தி.