பாட்டிலில் கொலஸ்ட்ரால் இல்லை, சரி, ரத்தத்தில்?

தேங்காய் எண்ணெயில் கொலஸ்ட்ரால் துளியும் இல்லை. அதனால் அது ரத்தக் கொலஸ்ட்ராலை ஏற்றாது. அதிலும் மரச்செக்கு எண்ணெய் என்றால் கவலையே வேண்டாம். இந்த வாதத்தைக் கேட்காத காலை நடைக் கூட்டம் கிடையாது. இதில் முதல் வாக்கியம் மட்டும்தான் உண்மை.

எந்தத் தாவர எண்ணெயிலும் கணக்கில் கொள்ளும் அளவு கொலஸ்ட்ரால் கிடையாது. ரத்தத்தில் இருப்பதில் பெரும்பகுதியை உடலே தயாரிக்கிறது. அதைச் சுமந்து திரியும் எல்டிஎல் துகள்களைக் கல்லீரல் செல்கள் தம் மேலுள்ள ஏற்பிகளால் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் ஏற்பிகளின் வேலை மந்தமாகிறது. பிடிபடாத எல்டிஎல் ரத்தத்திலேயே தங்குகிறது. நிறைவுற்றதற்குப் பதிலாக நிறைவுறாக் கொழுப்பைச் சாப்பிட்டால் ஏற்பிகள் மீண்டும் சுறுசுறுப்பாகின்றன.

ஆகவே லேபிளில் ‘கொலஸ்ட்ரால் 0’ என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு, ‘சாச்சுரேட்டட் ஃபேட்’ என்ற பொடி எழுத்தைத் தேடுங்கள். தேங்காய் எண்ணெயில் 100 கிராமுக்கு அது ஏறத்தாழ 90 கிராம். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் 15 முதல் 20 கிராம். ரேஷன் கடைப் பாமாயிலில் 40-க்கு மேல். அதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. லேபிள் இல்லாத செக்கு எண்ணெய் என்றால் மார்கழிக் காலையில் பாட்டிலைப் பார்த்தாலே போதும். நிறைவுற்ற கொழுப்பின் சங்கிலிகள் நேராக இருப்பதால் நெருக்கமாக அடுக்கிக்கொண்டு, 24 டிகிரிக்குக் கீழே போனதும் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்துவிடும். கடலை எண்ணெயின் சங்கிலிகள் இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் வளைந்திருப்பதால் அப்படி அடுக்க முடியாமல் திரவமாகவே இருக்கும். செக்கில் ஆட்டுவது மணத்தைக் காக்கும். இந்தச் சங்கிலிகளை மாற்றாது.

அடுத்து வருவது, படித்தவர்கள் சொல்லும் வாதம்: தேங்காய் எண்ணெய் ‘நடுத்தரச் சங்கிலி’ கொழுப்பு, நேரே கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும் என்பது. அப்படிப் போவது 8, 10 கார்பன் உள்ள அமிலங்கள். தேங்காய் எண்ணெயில் அவை இரண்டும் சேர்ந்தே பொதுவாக 15 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. பாதியளவு இருப்பது 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். பெயரளவில்தான் அது நடுத்தரம். குடலில் அதன் பெரும்பங்கு நீண்ட சங்கிலிக் கொழுப்பு போகும் நிணநீர் வழியாகவே ரத்தத்துக்கு வருகிறது. வேறு எண்ணெயை வைத்துச் செய்த ஆய்வுகளின் பெருமையைத் தேங்காய் எண்ணெய்க்கு மாலையாகப் போடுகிறார்கள்.

‘நல்ல கொலஸ்ட்ராலும் கூடுகிறதே’ என்பார்கள். கூடுகிறது, மறுக்கவில்லை. 16 சோதனைகளைத் தொகுத்து 2020-இல் ‘சர்குலேஷன்’ இதழில் வந்த ஆய்வின்படி, நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எச்டிஎல்லை 4 மில்லிகிராம் உயர்த்துகிறது. எல்டிஎல்லை 10 மில்லிகிராம் உயர்த்துகிறது. ஒன்றுக்கு ஒன்று சரிக்கட்டிவிடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. டால்செட்ரபிப் என்ற மருந்து எச்டிஎல்லை மூன்றில் ஒரு பங்கு உயர்த்தியும் மாரடைப்பைக் குறைக்கவில்லை என்று 2012-இல் தெரிந்தது.

பசிபிக் தீவுக்காரர்களையும் சாட்சிக்கு இழுப்பார்கள். டோக்கெலாவ், புகாபுகா தீவுகளில் தேங்காயே பிரதான உணவாக இருந்தும் இதயநோய் அரிதாக இருந்தது உண்மைதான். ஆனால் கூடுதலாகத் தேங்காய் சாப்பிட்ட டோக்கெலாவ் மக்களுக்கே கொலஸ்ட்ராலும் கூடுதலாக இருந்தது. அவர்கள் மீனோடு முழுத் தேங்காயைத் தின்றார்கள். நம்மைப் போல் மைதாவைப் பொரித்துத் தின்னவில்லை.

நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். நான்கு பேர் மாதம் 2 லிட்டர் செலவழித்தால் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 15 கிராம். தேங்காய் எண்ணெயானால் அதில் நிறைவுற்ற கொழுப்பு 13 கிராம் சொச்சம். கடலை எண்ணெயானால் சுமார் 3 கிராம். இந்த 10 கிராம் வித்தியாசம் நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 90 கலோரி, அதாவது நாலரை விழுக்காடு. ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் எல்டிஎல் ஒன்றரை முதல் இரண்டு மில்லிகிராம் இறங்கும் என்று வைத்தால், 7 முதல் 9 மில்லிகிராம் குறையலாம். எல்டிஎல் 170 இருப்பவருக்கு இது மாத்திரைக்கு மாற்றாகாது. எண்ணெயைக் குறைத்துவிட்டு இன்னொரு தட்டு வெள்ளைச் சோறு போட்டுக்கொண்டால், இந்தப் பலனிலும் ஒரு பகுதி போய்விடும்.

சோதித்துப் பார்க்க விரும்பினால் எண்ணெயை மட்டும் மாற்றுங்கள். சாப்பாடு, மருந்து, உடல் எடை எல்லாம் பழையபடியே இருக்கட்டும். ஆறு வாரம் கழித்து அதே ஆய்வகத்தில் ரத்தம் கொடுங்கள். மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லும் கலந்திருப்பதால், பழைய ரிப்போர்ட்டோடு எல்டிஎல் வரியை மட்டும் ஒப்பிடுங்கள். பத்துப் புள்ளி வரை ஏறி இறங்குவதுகூடச் சாதாரணம். அதை வைத்து எந்த எண்ணெய்க்கும் தீர்ப்பு எழுத வேண்டாம்.