விளக்கு எரியும்போது கடன் இல்லை



நல்லதண்ணியில் ஒரு பெண் கடை திறக்கப் போகிறாள் என்றால் அது பெரும்பாலும் பருவகாலக் கடையாகத்தான் இருக்கும். சிவனொளிபாதமலை யாத்திரை டிசம்பர் மாத உந்துவப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவுடன் முடிகிறது. அந்த ஐந்து மாதத்திற்காகத் தடியும் தகரமும் கொண்டு கட்டப்படும் கடைகள் பாதையின் இரு புறமும் வரிசையாக முளைக்கும். தேநீர், வடை, கம்பளித் தொப்பி, இனிப்பு, விளையாட்டுச் சாமான் என்று வியாபாரம் நடக்கும். சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்பதால் யாத்திரிகர்கள் இரவில்தான் மலை ஏறுகிறார்கள். ஆகவே கடையும் இரவுக் கடைதான்.

இந்தக் கடைகளைத் திறப்பதில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. மார்கழியில் புதுத் தொழில் தொடங்குவது நம்மிடையே வழக்கமில்லை. போயாவோ சந்திரனைப் பார்த்து வருவது. 2025இல் உந்துவப் போயா டிசம்பர் 4ஆம் திகதி, கார்த்திகையிலேயே வந்தது. 2023இல் அது டிசம்பர் 26ஆம் திகதி, மார்கழிக்குள் போய்விட்டது. அப்படிப்பட்ட ஆண்டில் என்ன செய்வது? கார்த்திகை முடிவதற்குள் ஒரு நல்ல நாளில் விளக்கேற்றி, பால் காய்ச்சி, தேங்காய் உடைத்து, ஒரு பொருளையாவது விற்றுவிடுவார்கள். விற்றுவிட்டால் கடை திறந்தாயிற்று. பிறகு மார்கழியில் வியாபாரம் செய்வது "தொடங்குவது" ஆகாது, "தொடர்வது" ஆகும். இதனால்தான் அந்த முதல் வியாபாரத்திற்கு இங்கே இவ்வளவு பெறுமதி.

2023இல் எங்கள் சேமிப்புக் குழுவைச் சேர்ந்த ஓர் அக்கா இப்படித்தான் கடை திறந்தார். கணவரை இழந்தவர். பல வருடம் கொழுந்து பறித்தவர். கார்த்திகையின் கடைசி வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தார்கள். வெள்ளியில் இராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை. ஆகவே காலை ஆறரைக்கே எல்லாம் ஆயத்தம். வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார்கள். மாவிலைத் தோரணம் கட்டினார்கள். வாழையிலையில் நெல் பரப்பி நிறைகுடம் வைத்து, பக்கத்தில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து அறுகம்புல் செருகினார்கள். தோட்டத்துக் கோயில் பூசாரி வந்திருந்தார்.

முதலில் சோதித்தது விளக்குதான். குத்துவிளக்கில் தேங்காய் எண்ணெய் ஊற்றியிருந்தார்கள். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். நல்லதண்ணியின் டிசம்பர் காலைக் குளிரோ அதைவிட எவ்வளவோ அதிகம். எண்ணெய் மெழுகுபோல் வெள்ளையாகி நின்றது. திரியில் ஏறவில்லை. நுனி மட்டும் கருகி அணைந்தது. பக்கத்தில் நின்றவர்கள் முகத்தில் உடனே சகுனம் தெரிந்தது! சகுனம் ஒன்றுமில்லை, குளிர்தான். எண்ணெயை அடுப்போரம் வைத்து உருக்கி ஊற்றலாம். ஆனால் சற்று நேரத்தில் மீண்டும் உறையும். மலைநாட்டில் நல்லெண்ணெய்தான் நம்பிக்கையானது, அது இந்தக் குளிருக்கு உறைவதில்லை. திரியையும் முதல் நாள் இரவே எண்ணெயில் ஊறப்போட வேண்டும். பனிமூட்டத்தில் ஈரம் குடித்த பஞ்சுத்திரி எளிதில் பற்றாது. நல்லெண்ணெய் வாங்கிவர ஆள் ஓடினார்.

அந்த இடைவெளியில்தான் அடுத்த பேச்சு எழுந்தது. விளக்கை யார் ஏற்றுவது? "சுமங்கலி ஒருத்தரக் கூப்பிடுங்க" என்றார் உறவுக்காரர் ஒருவர். அக்கா ஒன்றும் சொல்லாமல் பின்னால் நகர்ந்து நின்றார். சமூகவியல் படித்தபோது விதவையரை மங்கல காரியங்களில் ஒதுக்குவது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்தப் பின்னால் நகர்ந்த இரண்டு அடி எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் வாய் திறப்பதற்கு முன், லயத்தில் எல்லோரும் அப்பாயி என்று அழைக்கும் மூத்த பெண்மணி கேட்டார்: "கட யாரு பேருல?"

"அவ பேருலதான்."

"நட்டம் வந்தா யாரு கட்டுறது?"

"அவதான்."

"அப்ப வெளக்கயும் அவளே ஏத்தட்டும். ஊருக்கு என்னா வந்துச்சி?"

பூசாரி மறுப்புச் சொல்லவில்லை. குத்துவிளக்கிற்கு ஐந்து முகம். முதல் முகத்தை அக்கா ஏற்றினார். மற்ற நான்கை மகள், அப்பாயி, உறவுக்காரரின் மனைவி, பக்கத்துக் கடைச் சிங்கள அம்மா என்று ஏற்றினார்கள். ஐந்து பேர் ஏற்றும்போது ஒருவரை மட்டும் தடுப்பதற்கு யாருக்கும் வாய் வரவில்லை. இது நல்ல உபாயம். தேவையான இடங்களில் நீங்களும் பயன்படுத்துங்கள்.

அடுத்தது தேங்காய். கடைத் திறப்பில் இரண்டு விதமாகத் தேங்காய் உடைக்கிறோம். பூசைக்கு உடைப்பது இரண்டு சரிபாதியாகப் பிளக்க வேண்டும். வாசலில் உடைப்பது சிதறுகாய், அது எவ்வளவு சிதறுகிறதோ அவ்வளவு நல்லது என்பார்கள். பூசைத் தேங்காயை நார் உரித்துக் குடுமியை விட்டு, தண்ணீரில் நனைத்து, கண்களுக்கும் அடிக்கும் நடுவே உள்ள வயிற்றுப் பகுதியில் சுற்றிச் சுற்றித் தட்டினால் ஒழுங்காகப் பிளக்கும். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் கோணலாக உடையும்.

அன்று முதல் தேங்காய் உள்ளே அழுகியிருந்தது. ஒருவர் கெட்ட சகுனம் என்றார், இன்னொருவர் கண்ணூறு கழிந்தது என்றார். இரண்டாவது தேங்காய் வெள்ளையாக உடைந்ததும் இரு தரப்பும் ஓய்ந்தது. நமக்குத் தேங்காய் குருநாகல், சிலாபம் பக்கமிருந்து லொறியில் வருவது. குலுங்கி வரும் வழியில் மயிரிழைபோல் வெடிப்பு விழுந்தாலும், கண் பக்கம் ஈரம் இறங்கினாலும் உள்ளே கெட்டுவிடும். வாங்கும்போது குலுக்கிப் பாருங்கள். முற்றிய நல்ல தேங்காயில் தண்ணீர் ஆடும் சத்தம் தெளிவாகக் கேட்கும். சத்தமே இல்லையென்றால் ஒன்று இளசு, இல்லையேல் தண்ணீர் வற்றியது. குடுமியை ஒதுக்கிக் கண்களை விரலால் அழுத்துங்கள். ஈரமோ பூஞ்சணமோ தெரிந்தால் வேண்டாம். இவ்வளவு பார்த்தும் தவறலாம் என்பதால் தேவைக்கு மேல் ஒன்று வாங்கி வையுங்கள்.

சிதறுகாயைப் பற்றி ஒரு சொல். மலைக்குப் போகிறவர்களில் செருப்பில்லாமல் நடப்பவர்கள் பலர். படியில் கிடக்கும் சிரட்டைச் சில்லு இருட்டில் தெரியாது. அக்கா ஒரு சாக்கை விரித்து அதன்மேல் கல்லை வைத்து உடைத்தார். பிள்ளைகள் தேங்காய்ச் சில்லைப் பொறுக்கித் தின்றார்கள், சிரட்டை சாக்கோடு அடுப்புக்குப் போனது.

பால் பொங்கி வழிந்தது, கற்பூரம் காட்டினார்கள். இனி முதல் வியாபாரம். இதற்கு நம் பெரியவர்கள் வைத்திருக்கும் ஒழுங்கு மூன்றுதான்: கைராசிக்காரர் வாங்க வேண்டும், கேட்ட பொருளை இல்லை என்று சொல்லக்கூடாது, காசு கையில் வர வேண்டும். அன்று முதலில் முன்னால் வந்தவர் அடுத்த லயத்துப் பெண். "அக்கா, ஒரு கிலோ சீனி தாங்க. பத்தாந்தேதி சம்பளத்துல தாறேன்" என்றார். அன்பாகத்தான் கேட்டார். முதல் ஆளாக வாங்கி மதிப்புச் செய்ய நினைத்தார். அப்பாயி குறுக்கே புகுந்தார். "வெளக்கு எரியயில கடனா புள்ள? காசு கொண்டாந்து வாங்கு, சீனி எங்கயும் போகாது." அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார். பக்கத்துக் கடைச் சிங்கள அம்மா 120 ரூபாய்க்குக் கற்கண்டும் கற்பூரமும் வாங்கிச் சரியாகக் காசு கொடுத்தார். அக்கா இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிப் பெட்டியில் போட்டார். கணக்குப் புத்தகத்தில் பிள்ளையார் சுழிக்குக் கீழே முதல் வரியாக 120 ரூபாய் ஏறியது.

அன்று மாலை நானும் அவரும் பெட்டியை எண்ணினோம். 7,900 ரூபாய் இருந்தது. அக்காவுக்கு முகம் மலர்ந்தது. ஆனால் அதில் 3,300 ரூபாய் மொய். 150 ரூபாய்த் தொப்பியை எடுத்துக்கொண்டு 501 ரூபாய் வைத்துவிட்டுப் போன மாமாவின் காசில் 150 மட்டுமே வியாபாரம், 351 மொய். இப்படிப் பிரித்து எழுதியதில் விற்பனை 4,600 ரூபாய் என்று தெரிந்தது. அதுவும் உறவும் அயலும் மரியாதைக்கு வாங்கியது. செலவுப் பக்கம் பார்த்தால் தேங்காய் மூன்றுக்கு 360, எண்ணெய், பூ, பால், பழம் முதலியவற்றுக்கு 3,140, பூசாரி தட்சிணை 2,000, வந்தவர்களின் சாப்பாடும் தேநீரும் 6,500. எல்லாமாக 12,000 ரூபாய். சாமிக்கு ஆன செலவைவிடச் சாப்பாட்டுச் செலவு அதிகம். திறப்பு விழாவுக்கென்று தனியாகச் சேர்த்திருந்த பணம் அது. குழுக்கடனில் வாங்கிய சரக்குக் காசிலிருந்து எடுத்திருந்தால் போயாவுக்கு முன்பே முதல் கரைந்திருக்கும். திறந்த நாளுக்கும் போயாவுக்கும் இடையில் பதினொரு நாள். யாத்திரிகர் இல்லாத அந்த நாட்களில் கெட்டுப்போகும் பொருள் எதையும் அவர் வாங்கி வைக்கவில்லை. வடைக்குப் பருப்பு ஊறியது போயா அன்றுதான்.

கடன் விடயத்திற்கு வருகிறேன். நம் தோட்டப்புறச் சிறு கடைகள் பற்றுக் கொப்பியில்தான் முடங்குகின்றன. இல்லை என்று சொல்ல நமக்கு நாக்கு எழாது. கேட்பவர் நம் சனம், சம்பளம் பத்தாந்திகதி. அப்பாயி சொன்ன ஒரு சொல்லை அக்கா விடாமல் பிடித்துக்கொண்டார். விளக்கு வைத்த பிறகு காசு, உப்பு, மஞ்சள் எதையும் கடனாகக் கொடுப்பதில்லை என்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். இவருடைய கடையோ இரவுக் கடை. மாலை ஆறு மணிக்கு விளக்கு வைத்தால் விடியும்வரை அது எரிகிறது. வியாபாரம் முழுவதும் அந்த நேரத்தில்தான். ஆகவே "வெளக்கு எரியுதே" என்று சொல்லி விளக்கைக் காட்டுவார். கேட்டவருக்கும் கோபம் வருவதில்லை. மறுத்தது அக்கா இல்லை, விளக்கு.

எல்லாரிடமும் இது செல்லாது. பகலில் வந்து கேட்பவர்கள் இருந்தார்கள், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு மாவு கேட்டவர் இருந்தார். அவர்களுக்காக ஒரு கொப்பி வைத்தார். ஒரு வீட்டுக்கு 1,500 ரூபாய்க்கு மேல் இல்லை, பழையது தீராமல் புதியது இல்லை. 2024 மே மாதம் வெசாக் போயா கழிந்து தகரத்தைப் பிரித்து அடுக்கியபோது அந்தக் கொப்பியில் நான்கு வீட்டுப் பெயர்கள் மிச்சமிருந்தன. மூன்று வீடுகள் ஜூன் மாதச் சம்பளத்தில் கொடுத்துவிட்டன. நான்காவது வீட்டிலிருந்து பணத்திற்குப் பதிலாக இரண்டு சேவல் வந்தது. அக்கா அதை வரவில் எழுதச் சொன்னார். எந்த விலைக்கு எழுதுவது என்றுதான் எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம்.