அணைக்கு மட்டும் காசு போதுமா?

அப்பாவின் ஊர் ஓடையில் தடுப்பணை கட்ட இங்கே நாங்கள் காசு சேர்க்கிறோம். தூர்வாரும் செலவையும் சேர்க்காவிட்டால் கட்டவே வேண்டாம் என்பேன்.

கட்ட 10 லட்சம் ரூபாய் என்று வைப்போம். கிணறுகளில் நீர் ஏறி, இரண்டாம் போகத்தால் ஆண்டுக்கு 2 லட்சம் கூடுதலாக வரட்டும். பராமரிப்புக்கு ஆண்டுக்கு 20,000. பிந்தி வரும் பணத்தின் மதிப்பை ஆண்டுக்கு 8 விழுக்காடு குறைத்துப் பார்த்தாலும், 20 ஆண்டுகளில் மிஞ்சுவது இன்றைய மதிப்பில் 17 லட்சத்துக்கு மேல். பராமரிக்காமல், வண்டல் சேர்ந்து 5 ஆண்டில் பயன் நின்றுபோனால்? சுமார் 8 லட்சம்தான். போட்ட காசே திரும்பாது.

அணையில் நீர் வாரக்கணக்கில் குறையாமல் நிற்கிறது, பக்கத்துக் கிணறோ ஏறவில்லை என்றால், அந்தப் படத்தைப் பகிர்ந்து மகிழாதீர்கள். வண்டல் அடிமண்ணை மூடியிருக்கும். அந்தத் தண்ணீர் வெயிலுக்குத்தான் போகிறது.